தூரத்தில் இருப்பவரைக் குடும்பப் படத்தில் சேர்ப்பது: இரண்டு கெமராக்களின் பார்வையைப் பொருத்தும் வழி

எங்கள் அக்கா குவைத்தில் வேலை செய்கிறார். அவருடைய மகளின் சடங்குக்கு அவரால் வர முடியவில்லை. ஹட்டனுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில், லயத்து வாசலில் எல்லோரையும் நிற்க வைத்து நான் என் பெரிய கெமராவில் படம் எடுத்தேன். அக்காவும் அதில் இருக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டாள். அக்கா போனில் எடுத்து அனுப்பிய படத்தை வெட்டி மச்சானுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வெட்டு சுத்தமாக இருந்தது, நிறமும் பொருந்தியது. ஆனாலும் மச்சான் பார்த்தவுடனே, "அக்காவ மட்டும் மேல இருந்து பாக்கிற மாதிரி இருக்கே" என்றார்.

இரண்டு தடவை பெரிய பிரிண்ட் போட்டு வீணாக்கிய பிறகுதான் பிழை எங்கே என்று பிடிபட்டது. வெட்டுவதும் நிறம் சேர்ப்பதும் பிறகு வரும் வேலை. அக்காவை எடுத்த கெமரா எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதுதான் முதலில் பொருந்த வேண்டும். இதே வேலையில் இறங்குகிறவர்கள் அந்தச் செலவும் நேரமும் இல்லாமல் முடிக்கட்டும் என்று, நான் கடைசியில் செய்து சரிவந்த முறையை வரிசையாக எழுதுகிறேன்.

1. மூல ஃபைல்களைக் கையில் எடுங்கள்

இந்த வேலைக்குத் தேவையான ஆவணம் ஒன்றே ஒன்றுதான்: கெமராவில் இருந்து வந்த, வெட்டாத, சுருக்காத மூல ஃபைல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எந்த லென்ஸில் எடுத்தது என்ற தகவலும் அழிந்துவிடும். அதனால் "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு படம் சில எம்பிதான் வரும், டேட்டாவுக்குப் பெரிய செலவில்லை.

ஃபைல் வந்ததும் கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். exiftool என்ற மென்பொருள் இலவசம்.

```
exiftool -FocalLength -FocalLengthIn35mmFormat -DigitalZoomRatio -ImageSize akka.jpg
```

இதில் `FocalLengthIn35mmFormat` என்று வரும் எண்தான் நமக்கு முக்கியம். எந்த அளவு சென்சார் உள்ள கெமராவாக இருந்தாலும், பழைய 35 மிமீ ஃபிலிம் கெமராவில் இதே பார்வை வேண்டுமென்றால் எத்தனை மிமீ லென்ஸ் போட வேண்டும் என்பதை அது சொல்கிறது. போன்களின் பிரதான லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 28 வரை இருக்கும். பெரிய கெமரா சிலவற்றில் இந்த எண் பதிவாகாது. அப்போது லென்ஸின் மிமீயைச் சென்சாரின் மடங்கால் பெருக்குங்கள். என் கெமராவுக்கு மடங்கு 1.6, லென்ஸ் 35 மிமீ, ஆகவே 56. அக்காவின் போனுக்கு 26 என்று வந்தது.

2. இரண்டு லென்ஸையும் பிக்சல் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்

56க்கும் 26க்கும் உள்ள விகிதத்தை வைத்து நேரடியாகப் பெரிதாக்கினால் தப்பாகும். இரண்டு படத்திலும் பிக்சல் எண்ணிக்கை வேறு. ஒன்று 3:2 வடிவம், மற்றது 4:3. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அந்த மிமீ எண்ணை, அதாவது ஃபோகல் லெங்த்தை, பிக்சலாக மாற்றிக்கொள்வதுதான் பத்திரமான வழி. கீழே f35 என்பது முதல் படியில் எடுத்த 35 மிமீ கணக்கு எண், diag என்பது படத்தின் மூலைவிட்ட நீளம் பிக்சலில், f_px என்பது பிக்சலில் வரும் விடை. 35 மிமீ ஃபிலிமின் மூலைவிட்டம் 43.3 மிமீ.

```
f_px = f35 × diag / 43.3

6000 × 4000, f35 = 56  →  diag 7211  →  f_px ≈ 9330
4000 × 3000, f35 = 26  →  diag 5000  →  f_px ≈ 3000
```

முதல் வரி என் கெமரா, இரண்டாவது அக்காவின் போன். ஒரே தூரத்தில் நிற்கும் ஒரே ஆள் என் படத்தில் மூன்று மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பெரிதாக விழுவார் என்பதுதான் இதன் பொருள்.

இங்கே ஒரு பொறி. யாராவது படத்தை ஏற்கெனவே வெட்டியிருந்தால் பிக்சல் எண்ணிக்கை குறைந்திருக்கும், ஆனால் ஃபைலுக்குள் 26 என்பது அப்படியே இருக்கும். கணக்கு தப்பிவிடும். போனில் விரலால் விரித்து ஜூம் செய்து எடுத்தாலும் இதே சிக்கல் வரலாம். சில போன் அந்த எண்ணைத் திருத்தி எழுதும், சில எழுதாது. சந்தேகம் இருந்தால் நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு மீற்றர் நீளக் கம்பைச் சுவரில் ஒட்டி, சரியாக 5 மீற்றர் தள்ளி நின்று எடுங்கள். படத்தில் அந்தக் கம்பு எத்தனை பிக்சல் என்று எண்ணி 5ஆல் பெருக்குங்கள். 600 பிக்சல் வந்தால் f_px 3000. ஃபைல் சொல்வதைவிட இந்த எண்ணையே நான் நம்புவேன்.

3. குழுப் படம் எவ்வளவு தூரத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடியுங்கள்

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். அகன்ற லென்ஸ் முகத்தை உப்ப வைக்கும், நீளமான லென்ஸ் தட்டையாக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். உண்மையில் முகத்தின் அமைப்பை மாற்றுவது தூரம் மட்டும்தான். 6 மீற்றரில் நின்று எந்த லென்ஸில் எடுத்தாலும், வெட்டி ஒரே அளவாக்கினால் முகத்தின் நடு ஒரே மாதிரிதான் இருக்கும். அகன்ற லென்ஸ் வைத்திருப்பவர் சட்டத்தை நிரப்ப கிட்டப் போகிறார், உருவம் மாறுவது அதனால்தான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 செமீ தூரத்தில் எடுத்தால் மூக்கு காதைவிட 20 சதவீதம் பெரிதாக விழும். 6 மீற்றரில் 2 சதவீதம்தான்.

ஆகவே கிட்டத்தில் எடுத்த படத்தை எவ்வளவு சிறிதாக்கி ஒட்டினாலும் அது தூரத்தில் எடுத்ததாக மாறாது. கிம்ப் போன்ற மென்பொருளில் உள்ள பெர்ஸ்பெக்டிவ் கருவியாலும் முடியாது. அது தட்டையான தாளைச் சாய்க்கிற மாதிரி மொத்தப் படத்தையும் இழுக்கும். கன்னத்துக்குப் பின்னால் மறைந்த காதை அது கொண்டுவராது.

தூரத்தைக் கண்டுபிடிக்க, குழுப் படத்தில் உயரம் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். மச்சானின் உயரம் 170 செமீ. படத்தில் தலை உச்சியிலிருந்து பாதம் வரை 2430 பிக்சல்.

```
9330 × 1.70 / 2430 ≈ 6.5 மீற்றர்
```

நான் 15 அடியில் நின்றதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு 21 அடிக்கு மேல் சொன்னது. தோட்டத்துக்குப் போய் டேப் வைத்து அளந்தேன், கணக்குதான் சரி. நினைவை நம்பாதீர்கள்.

உயரம் அளக்கும்போது சேர்க்கப்போகும் ஆள் எந்த வரிசையில் நிற்பார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். அந்த வரிசையில் உள்ளவரைத்தான் அளக்க வேண்டும். அக்கா மச்சானுக்குப் பக்கத்தில் நிற்பதால் எனக்கு 6.5 மீற்றர். பின்னால் இஸ்தோப்பில் நிற்க வைப்பதாக இருந்தால் தூரம் கூடும்.

4. கெமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று பாருங்கள்

மச்சான் சொன்ன "மேல இருந்து பாக்கிற மாதிரி" இந்தப் பிழைதான். அடிவானக் கோடு, அதாவது கெமராவின் கண்மட்டம், ஒரே தரையில் நிற்கும் எல்லோரையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வெட்டும். என் படத்தில் அது மச்சானின் நெஞ்சில் ஓடியது. ஒட்டிய அக்காவுக்கோ தலை உயரத்தில் ஓடியது.

மலைநாட்டில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடற்கரையில் எடுத்த படத்தில் கடலும் வானமும் சேரும் கோடே அடிவானம். இங்கே நமக்குத் தெரிவது மலை முகடு. நான் முதலில் பின்னால் தெரிந்த முகட்டையே அடிவானம் என்று எடுத்துக்கொண்டேன். அது மச்சானின் தலைக்கும் மேலே இருந்தது. அது சரியென்றால் நான் ஏணியில் ஏறி நின்று எடுத்திருக்க வேண்டும். நம்மைவிட உயரமான மலை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கண்மட்டத்துக்கு மேலேதான் தெரியும். தேயிலை நிரைகளும் உதவாது, அவை சரிவோடு ஓடுபவை.

நம்பக்கூடியது கட்டடம். லயம் சாய்வாகத் தெரிகிற படமாக இருந்தால் வேலை சுலபம். கூரை ஓரத்துப் பீலி தூரம் போகப்போக இறங்கும். இஸ்தோப்பின் தரை விளிம்பு தூரம் போகப்போக ஏறும். இரண்டு கோட்டையும் மென்பொருளில் நீட்டிக்கொண்டே போங்கள், ஓர் இடத்தில் சந்திக்கும். அந்த இடத்தின் உயரம்தான் அடிவானம். எனக்கு மேலிருந்து ஏறக்குறைய 2000ஆவது பிக்சலில் சந்தித்தது, அதாவது படத்தின் சரிபாதியில். கெமராவை மட்டமாக வைத்திருந்தேன் என்பதற்கும் அதுவே சாட்சி. லயம் நேர்முன்னாகத் தெரிந்தால் கோடுகள் சந்திக்காது. அப்போது சுவர்களின் நிலைக்கோடுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கெமரா மட்டமாக இருந்தது, அடிவானம் படத்தின் பாதியில்.

பாதம் 3790ஆவது பிக்சலில் இருந்தது. அடிவானத்துக்கும் பாதத்துக்கும் இடையே 1790. மச்சானின் மொத்த உயரம் 2430 பிக்சல், 170 செமீ. ஆகவே:

```
1790 / 2430 × 170 ≈ 125 செமீ
```

கெமரா தரையிலிருந்து 125 செமீ உயரத்தில் இருந்திருக்கிறது.

நமது வாசல்கள் எல்லாம் சமதரை கிடையாது. சேர்க்கப்போகிறவர் ஒரு படி மேலே நிற்பதாக இருந்தால், அந்தப் படியின் உயரத்தை இதிலிருந்து கழியுங்கள். 15 செமீ படி என்றால் அவரை எடுக்கும் கெமரா 110 செமீயில் இருக்க வேண்டும். கணக்கு எப்போதும் அவருடைய பாதத்திலிருந்துதான்.

5. புதுப் படத்துக்கான குறிப்பை எண்ணோடு அனுப்புங்கள்

"கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள்" என்று சொன்னால் வேலைக்காகாது. நான் முதல் தடவை அப்படித்தான் சொன்னேன், அக்காவின் தோழி ஒன்றரை மீற்றரில் நின்று கண் உயரத்தில் எடுத்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாதத்தைப் பார்த்தால் பிழை பளிச்சென்று தெரியும். கால் விரல்களின் மேல்பக்கம் முழுதும், மெட்டி வட்டமாகத் தெரிந்தது. பக்கத்தில் மச்சானின் செருப்போ முன்விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. ஒன்றரை மீற்றரில் கண் உயரத்திலிருந்து பாதத்தைப் பார்க்க 45 பாகை கீழே பார்க்க வேண்டும். 6.5 மீற்றரில், 125 செமீ உயரத்தில் இருந்து பார்த்தால் 11 பாகைதான். படம் சரிதானா என்று சோதிக்க முகத்தைவிடப் பாதத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

இரண்டாவது தடவை அனுப்பிய குறிப்பு இதுதான்: தூரம் 6.5 மீற்றர், போன் தரையிலிருந்து 125 செமீ உயரத்தில், போனை மேலும் கீழும் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும், அக்கா சட்டத்தின் நடுவில், 2x லென்ஸில். அறைக்குள் அவ்வளவு தூரம் இல்லை. அதனால் மொட்டை மாடிக்குப் போனார்கள். அங்கே தரையில் 60 செமீ டைல்ஸ். அக்கா ஒரு டைல்ஸ் ஓரத்தில் நின்றார், தோழி 11 டைல்ஸ் எண்ணி நின்றார், 6.6 மீற்றர். பத்தில் ஒரு பங்கு வரை தூரம் வித்தியாசப்பட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இது தாராளம். உயரத்துக்குச் சுவரில் சோக்கால் ஒரு கோடு போட்டு, அதே உயரத்தில் போனைப் பிடித்தார்.

நடுவில் நிற்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அகன்ற லென்ஸ் ஓரத்தில் நிற்பவரை அகலவாக்கில் இழுத்துவிடும். பிரதான லென்ஸின் ஓரத்தில், மையத்திலிருந்து 30 பாகை தள்ளி நின்றால் ஆள் 15 சதவீதம் குண்டாகத் தெரிவார்.

2x ஏன்? பிரதான லென்ஸில் 6.5 மீற்றரில் இருந்து எடுத்தால், 155 செமீ உயரமுள்ள அக்கா 715 பிக்சல்தான் வருவார். என் 8×12 அங்குல பிரிண்டுக்கு, 6ஆம் படியில் சொல்லும் அளவில், அவர் 1335 பிக்சல் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுக்க வேண்டிவரும், முகம் மங்கிவிடும். உண்மையான 2x லென்ஸ் என்றால் f35 52, f_px 6000, அக்கா 1400க்கு மேல் வருவார். ஆனால் வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் 2x லென்ஸை விட்டுவிட்டு, பிரதான லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தந்துவிடும். திரையில் 2x என்றுதான் காட்டும். படம் வந்ததும் முதல் படியில் சொன்ன கட்டளையில் `FocalLength` எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிரதான லென்ஸின் அதே மிமீ என்றால் லென்ஸ் மாறவில்லை. பார்வைக்கு அதனால் கேடில்லை, தூரம் சரியாக இருக்கிறதே. தெளிவு மட்டும்தான் குறையும். நேரமிருந்தால் நல்ல வெளிச்சத்தில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், முடியின் ஓரங்களை அது தின்றுவிடும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுப் படம் மேகம் மூடிய காலையில் எடுத்தது, நிழல் விழவில்லை. குவைத்தின் நேர் வெயிலில் எடுத்தால் மூக்கடியில் கருநிழல் விழும். அதனால் அக்காவுக்கு லீவு கிடைக்கும் வெள்ளிக்கிழமை, மாடி முழுக்க நிழலான பிறகு, இருட்டுவதற்கு முன் எடுக்கச் சொன்னேன். நமக்கும் குவைத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், அங்கே மாலை 5 என்றால் இங்கே இரவு 7.30. எடுக்கும்போதே நீங்கள் அழைப்பில் இருந்தால் நல்லது, பாதத்தைப் பார்த்து உடனே திருத்தலாம். அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

6. பொருத்தும்போது

முதலில் குழுப் படத்தைப் பிரிண்ட் அளவுக்குச் சிறிதாக்குங்கள். 12 அங்குலத்துக்கு 300 வீதம் 3600 பிக்சல் போதும், அதாவது 6000இல் 60 சதவீதம். போன் படத்தைப் பெரிதாக்கி 6000க்கு இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். இனி அக்காவின் படத்துக்கு:

```
0.6 × 9330 / 6000 ≈ 0.93
```

93 சதவீதமாக்கி வைத்தேன். அக்கா 1310 பிக்சல் அளவில் வந்தார், வேண்டியது 1335. டைல்ஸில் கூடிய 10 செமீதான் அந்த வித்தியாசம். 95 சதவீதமாக்கினேன், சரியாகிவிட்டது. உயரத்தையும் அகலத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் இழுக்காதீர்கள்.

அப்புறம், இரண்டு படத்தின் அடிவானத்துக்கும் ஒவ்வொரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் படத்தில் அது அவருடைய பாதத்திலிருந்து 125 செமீ உயரத்தில், மாடிச் சுவரில் இருந்த சோக் கோட்டின் மட்டத்தில் ஓடியது. இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பாதம் தானாகவே மச்சானின் பாதத்துக்கு நேராக வந்து நின்றுவிடும். வராவிட்டால் தூரமோ உயரமோ தப்பு. பாதத்தைக் கையால் இழுத்து வைத்துச் சமாளிக்காதீர்கள், 3ஆம் படிக்குத் திரும்பிப் போய் எண்களைப் பாருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் ஓரம் வெட்டுவதும் நிறம் சேர்ப்பதும் பாதத்தடி நிழலும். பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் அக்கா நிற்கும் பகுதியை மட்டும் சிறிய தாளில் அச்சடித்துப் பாருங்கள். திரையில் தெரியாத மங்கல் தாளில் தெரியும், பெரிய தாளின் செலவும் மிச்சம்.

7. பழைய படம் ஒன்றுதான் இருக்கிறது என்றால்

இறந்துபோன அப்பாயியைப் பேரப்பிள்ளைகளோடு சேர்த்துத் தரும்படி பலர் கேட்கிறார்கள். அவரைத் திரும்ப எடுக்க முடியாது. அப்போது வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: பழைய படத்தை அளந்து, அதற்கு ஏற்றபடி குடும்பத்தைப் புதிதாக எடுங்கள். பழைய படத்தில் ஃபோகல் லெங்த் இருக்காது, ஆகவே தூரத்தைக் கணக்கிட முடியாது. ஆனால் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். கதவு, திண்ணை, மேசை விளிம்பு எதையாவது நீட்டி அடிவானத்தைப் பிடித்துவிட்டால், அப்பாயியை அது எந்த இடத்தில் வெட்டுகிறது என்று தெரிந்துவிடும். தூரத்துக்குப் பாதத்தையோ, அவர் உட்கார்ந்திருந்தால் மடியையோ கதிரையின் இருக்கையையோ பாருங்கள். அவருடைய கதிரை மாதிரி ஒன்றை வாசலில் போட்டு, அதே உயரத்தில் கெமராவை வைத்து, இருக்கையின் மேல்பக்கம் பழைய படத்தில் தெரிகிற அளவுக்கே தெரியும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். அது பொருந்தும் இடம்தான் அன்று படம் எடுத்தவர் நின்ற தூரம். அங்கேயே நின்று, அப்பாயி இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு, குடும்பத்தை எடுங்கள்.

மார்பளவு அடையாள அட்டைப் படம் மட்டும் இருந்தால் பாதமும் இல்லை, கதிரையும் இல்லை. அது ஸ்டூடியோவில் கிட்டத்தில் எடுத்ததாகவே இருக்கும். முன்வரிசையில் முழு ஆளாக நிற்க வைக்க முயலாதீர்கள், வேறொருவரின் உடம்பில் ஒட்டவும் வேண்டாம். பின்வரிசையில், இருவரின் தோள்களுக்கு இடையே முகம் மட்டும் தெரிகிறபடி வையுங்கள். அந்தக் கெமரா பெரும்பாலும் முகத்துக்கு நேராகத்தான் இருந்திருக்கும். அதனால் குடும்பத்தை எடுக்கும்போது நீங்களும் கெமராவை அப்பாயியின் முகம் வரப்போகும் உயரத்திலேயே வையுங்கள்.